பைபாஸுக்கு 19 இலட்சம்: மதிப்பீட்டுக் கடிதத்தைப் பணம் தருபவர் எப்படி வாசிக்கிறார்

திருகோணமலையில் ஒருவருக்கு இதய இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறது என்று தெரிய வந்ததும், மருந்துக்கு அடுத்தபடியாக வீட்டுக்கு வந்து சேருவது ஒரு கடிதம். தனியார் வைத்தியசாலையின் தலைப்பிட்ட தாளில் நோயாளியின் பெயர், வயது, செய்ய வேண்டிய சத்திரசிகிச்சை, அதன் கீழே ஒரு தொகை, 'இது உத்தேசத் தொகை மட்டுமே. மாறக்கூடும்' என்ற ஒரு வரி ஆகியவை இருக்கும். அந்த ஒற்றைத் தாளைப் பிரதி எடுத்துத்தான் வேலைத்தலத்தின் நலன்புரிப் பிரிவுக்கும், கோயில் நிருவாகத்துக்கும், கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் அனுப்புகிறார்கள்.

அந்தக் கடிதம் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. சேர்க்கைக்கு முன் எவ்வளவு முற்பணம் கட்ட வேண்டும் என்று குடும்பத்துக்குச் சொல்வதற்காக வைத்தியசாலையின் சிட்டைப் பிரிவு எழுதியது அது. பணம் தர நினைக்கும் மூன்றாமவருக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. இந்தச் சிகிச்சை தேவைதானா? இதே சிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்காதா? 19 இலட்சம் என்றால் 19இல் முடியுமா, 25இல் முடியுமா? வேறு யாரும் தருகிறார்களா? நான் தரும் பணம் எங்கே போகும்? முற்பணக் கடிதத்தில் இவற்றுக்குப் பதில் இராது. அதனால் உண்மையான தேவை உள்ளவரின் விண்ணப்பமும் இழுபடுகிறது, பொய்யாகத் தயாரித்த கடிதமும் சில இடங்களில் நுழைந்து விடுகிறது. இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் சொல்லும் கடிதம் எப்படி இருக்கும் என்பதை ஒரு பைபாஸ் சத்திரசிகிச்சையை வைத்துப் பார்க்கலாம்.

இலவச மருத்துவம் உள்ள நாட்டில் ஏன் இந்தக் கடிதம்

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மார்பு நோவோடு வருபவருக்கு இதயத் துடிப்புப் பதிவும் இரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்கு மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, கண்டி, கராப்பிட்டிய, கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற இடங்களில் அரசாங்கத் துறையிலேயே அது நடக்கிறது. அங்கே காத்திருப்போர் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலின் நீளம்தான் பலரையும் தனியார் வைத்தியசாலைக்குத் தள்ளுகிறது.

இதனால் இந்த மாவட்டத்தில் புழங்கும் கடிதங்கள் மூன்று வகைப்படும். முதலாவது, அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு, அங்கே கையிருப்பில் இல்லாத ஒரு பொருளை மட்டும் வெளியில் வாங்கித் தரும்படி வைத்திய நிபுணர் எழுதித் தருவது. முழங்கால் மாற்றுக்கான செயற்கை மூட்டு இதற்கு வழக்கமான உதாரணம். அதனோடு விநியோக நிறுவனத்தின் விலைக்கூறு இணைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, ஸ்ரீ ஜயவர்த்தனபுர பொது வைத்தியசாலை போன்ற, அரசுக்குச் சொந்தமாக இருந்தும் கட்டணம் அறவிடும் வைத்தியசாலையின் கடிதம். 1984இல் திறக்கப்பட்ட அந்த வைத்தியசாலை தனிச் சட்டத்தின் கீழ் ஒரு சபையால் நடத்தப்படுகிறது. மூன்றாவது, தனியார் வைத்தியசாலையின் பொதித் தொகைக் கடிதம். முதல் வகையை மதிப்பிடுவது எளிது: ஒரு பொருள், ஒரு விலை. மூன்றாவதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

இக்கடிதங்களை வாசிப்பவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் நோயையும் குடும்ப வருமானத்தையும் பார்க்கிறது. 2025 பெப்ரவரி முதல் அதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம் என்பதால், கிண்ணியாவிலோ மூதூரிலோ வெருகலிலோ இருப்பவர் இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. தனியார் துறையில் வேலை செய்பவருக்கு ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் மருத்துவ உதவித் திட்டங்களும், அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதியும் இருக்கின்றன. இவற்றுக்கு உச்ச வரம்பும் படிவமும் உண்டு. ஆனால் துறைமுகத்தை அண்டிய சீனக்குடாவின் மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ எண்ணெய்க் குதங்களிலோ உள்ள ஒரு முகாமையாளர், ஓர் ஊழியருக்காகத் தனிப்பட்ட அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது அவர் கையில் படிவம் ஏதும் இல்லை, இந்தக் கடிதம் மட்டுமே இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள கொடையாளரின் நிலையும் அதுதான்.

19 இலட்சத்தைப் பிரித்துப் பார்த்தால்

ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். 56 வயதுத் தொழிலாளி, பத்து ஆண்டுகளாக நீரிழிவு. அஞ்சியோகிராமில் மூன்று முக்கிய குழாய்களிலும் அடைப்பு. ஸ்டென்ட் வைப்பதைவிட பைபாஸ் பொருத்தம் என்று நிபுணர் சொல்கிறார். நீரிழிவும் மூன்று குழாய் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கு அதுவே பொதுவாக ஏற்கப்பட்ட வழி. கடிதத்தில் '19 இலட்சம் ரூபா' என்று இருக்கிறது. கீழே வரும் தொகைகள் கணக்கின் அமைப்பைக் காட்டுவதற்காக நான் வைத்தவை. எந்த வைத்தியசாலையின் விலைப்பட்டியலும் அல்ல.

முதலில் நாளோடு மாறாத செலவு. சத்திரசிகிச்சைக் கூடம், இதய-நுரையீரல் இயந்திரம், அதில் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் ஒட்சிசனேற்றியும் குழாய்த் தொகுதியும் சேர்ந்து 6 இலட்சத்து 20 ஆயிரம். சத்திரசிகிச்சை நிபுணர் குழு, மயக்க மருந்து நிபுணர் ஆகியோரின் கட்டணம் 5 இலட்சத்து 50 ஆயிரம். முன்பரிசோதனைகள் 80 ஆயிரம். ஆக 12 இலட்சத்து 50 ஆயிரம். இந்தப் பகுதி பெரும்பாலும் ஏறவோ இறங்கவோ செய்யாது.

அடுத்தது நாளோடு பெருகும் செலவு. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் 3 நாள், நாளுக்கு 95 ஆயிரம். வாட்டில் 5 நாள், நாளுக்கு 35 ஆயிரம். இரண்டும் 4 இலட்சத்து 60 ஆயிரம். மருந்தும் பாவனைப் பொருட்களும் 1 இலட்சத்து 90 ஆயிரம் என்று வைத்தால் 19 இலட்சம் நிரம்புகிறது.

மூன்றாவது பகுதி கடிதத்தில் இல்லவே இல்லை. அது நேரலாம், நேராமலும் போகலாம். பைபாஸுக்குப் பிறகு சிலருக்கு இரத்தக் கசிவு நிற்காமல், அதே நாளிலோ அடுத்த நாளிலோ நெஞ்சை மறுபடி திறக்க வேண்டி வரும். சிலருக்கு இதயம் சுருங்கும் வலிமை போதாமல் பெருநாடிக்குள் பலூன் பம்பு வைத்துத் தாங்க வேண்டி வரும். நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரகம் தடுமாறலாம், மார்பெலும்புக் காயம் கிருமி பிடிக்கலாம். இவற்றில் பலவற்றின் செலவும் முக்கியமாக ஒரே வழியில்தான் கணக்கில் ஏறுகிறது: அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கள் கூடுகின்றன. நமது மாதிரியில் மேலதிகமான ஒவ்வொரு நாளும், அன்றைய மருந்தையும் சேர்த்து, ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம். மூன்று நாள் கூடினால் 22 இலட்சத்து 60 ஆயிரம்.

ஆகவே பணம் தருபவருக்கு 19 என்ற எண்ணை விடப் பயனுள்ளது, '3 நாள் அதிதீவிர சிகிச்சை, 5 நாள் வாட்டு என்ற கணக்கில் 19. அதிதீவிர சிகிச்சையில் மேலதிக நாள் ஒவ்வொன்றுக்கும் 1.2' என்ற இரண்டு வாக்கியங்கள். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் 19 இலட்சத்துக்கு அனுமதி கொடுத்து, மேலும் 3 இலட்சத்து 60 ஆயிரத்தை 'நிபுணரின் குறிப்பு வந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு ஒதுக்கி வைக்கலாம். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய முடியாது. சத்திரசிகிச்சை முடிந்து நான்காம் நாள், நோயாளி சுவாச இயந்திரத்தில் இருக்கும்போது, குடும்பம் இரண்டாவது கடிதத்தோடு மறுபடி அலைய வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது கடிதம்தான் 'கணக்கு மாறிக்கொண்டே போகிறது' என்ற சந்தேகத்தைக் கிளப்புகிறது. உண்மையில் மாறியது நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. அது முதலிலேயே சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

பொதிக்குள் என்ன, வெளியே என்ன

பொதித் தொகை என்றால் எல்லாம் அடக்கம் என்று குடும்பம் நினைக்கிறது. வைத்தியசாலைகள் அதில் அடங்காதவற்றை வேறொரு தாளில் வைத்திருக்கும். வேறு நிபுணர்களின் வருகைக் கட்டணம், இரத்தக் கூறுகளுக்கான பரிசோதனைக் கட்டணம், நீரிழிவு மருந்து, வெளியேறும்போது கொடுக்கும் மருந்துப் பை, உடன் தங்குபவரின் சாப்பாடு போன்றவை வெளியே நிற்கக்கூடும். இலங்கையில் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். கட்டணத்தில் எந்தப் பகுதிக்கு வரி உண்டு, சொன்ன தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுதிக் கேட்க வேண்டும்.

பொதியைப் பிரித்துக் காட்டச் சொல்வதற்கு இந்தியாவில் ஒரு பாடம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் அங்குள்ள தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை விதித்தது. சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 இந்திய ரூபா, மருந்து பூசியதற்கு 29,600. அதே உத்தரவில், சிட்டையில் ஸ்டென்ட்டின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும், வணிகப் பெயரையும் உற்பத்தியாளரையும் தொகுதி எண்ணையும் எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இந்த இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் முதலாவது பயன் தராது. பொருளின் விலை பொதிக்குள் மறைந்திருந்தால், அதில் குறைத்ததை இன்னொரு தலைப்பில் ஏற்றிவிடலாம். திருகோணமலையில் உட்கார்ந்து கடிதம் வாசிப்பவருக்கும் இதே நியாயம் பொருந்தும். உடலுக்குள் பொருத்தும் பொருள் எதுவாயினும் அதன் வகை, எண்ணிக்கை, ஒன்றின் விலை ஆகியவை தனி வரியில் இருந்தால்தான் இன்னொரு வைத்தியசாலையின் விலைக்கூறோடு ஒப்பிட முடியும். பைபாஸில் நோயாளியின் சொந்தக் குழாய்களையே எடுத்து ஒட்டுகிறார்கள் என்பதால் இந்த வரி சிறிதாக இருக்கும். இதய வால்வு மாற்றும் சிகிச்சையில் அதுவே பெரிய வரி.

காத்திருக்க முடியாதா என்ற கேள்வி

கொடையாளர் மனத்தில் இருந்தும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது: அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் செய்வதை ஏன் 19 இலட்சம் கொடுத்துச் செய்ய வேண்டும்? பெரும்பாலான கடிதங்கள் இதைத் தொடுவதே இல்லை. தனியார் வைத்தியசாலையின் சிட்டைப் பிரிவு இதற்குப் பதில் எழுதவும் முடியாது. பதில் சொல்ல வேண்டியவர் சிகிச்சை அளிக்கும் இதய நோய் நிபுணர், அதுவும் தனியொரு குறிப்பில்.

அந்தக் குறிப்பில் மூன்று செய்திகள் போதும். அஞ்சியோகிராமில் கண்டது என்ன. எந்தக் காலத்துக்குள் சத்திரசிகிச்சை நடக்க வேண்டும். எந்த அரசாங்க வைத்தியசாலையில் பெயர் பதிந்திருக்கிறது, அங்கே கொடுத்த திகதி என்ன. 'அவசரம்' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் விளங்காது, ஏனெனில் எல்லாக் கடிதங்களிலும் அந்தச் சொல் இருக்கிறது. இடதுபக்கப் பிரதான குழாயிலேயே கடும் அடைப்பு இருப்பவரும், நடந்தால் மட்டும் நோவு வந்து மருந்தில் அடங்குபவரும் ஒன்றல்லர். முன்னவருக்கு வாரங்கள் முக்கியம். பின்னவர் அரசாங்கப் பட்டியலில் காத்திருந்தாலும் பெரிய ஆபத்து இராது. அவருக்குக் கொடையாளர் 19 இலட்சம் திரட்டுவதைவிட, காத்திருக்கும் மாதங்களுக்கு மருந்துச் செலவும் கிளினிக்குக்குப் போய்வரும் பயணச் செலவும் கொடுப்பது கூடுதல் பயன் தரலாம். இதைச் சொன்னால் உதவி குறைந்துவிடும் என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. நடைமுறையில், பட்டியலில் பதிந்த திகதியையும் பதிவு எண்ணையும் காட்டும் விண்ணப்பத்தைத்தான் மறுப்பது கடினம்.

திகதியும் டொலரும்

மதிப்பீட்டுக் கடிதத்துக்கு ஆயுள் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது. ஒட்சிசனேற்றி, தையல் நூல், மயக்க மருந்து எல்லாம் இறக்குமதிப் பொருட்கள். பெப்ரவரிக் கடிதத்தை வைத்து மே மாதம் வரை பணம் சேர்த்தவர்களிடம் இருந்தது பழைய விலைக்கான பணம். அப்படியொரு சரிவு ஆண்டுதோறும் நடப்பதில்லை. ஆனாலும் கடிதத்தில் செல்லுபடியாகும் இறுதித் திகதி இல்லாவிட்டால், ஆறு மாதம் பழைய தொகையை நம்பி முடிவெடுக்கிறோமா என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. திகதியோடு, தொகையில் எந்தப் பகுதி நாணய மாற்றோடு மாறும் என்பதும் ஒரு வரியில் இருக்கலாம். வெளிநாட்டில் சேர்த்து அனுப்புபவருக்கு ரூபாவிலேயே தொகையைச் சொல்வதுதான் சரி. டொலரில் மாற்றி எழுதிய கடிதத்தில் எந்த நாளின் மாற்று வீதம் என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

இடைவெளிக் கணக்கு

வைத்தியசாலை எழுத வேண்டியது அதோடு முடிகிறது. இனி குடும்பம் எழுத வேண்டிய தாள். மொத்தம் 19 இலட்சம். காப்புறுதி தர ஒப்புக்கொண்டது 5. குடும்பத்திடம் இருப்பது 4. இடைவெளி 10. ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது, முடிவு வரவில்லை. 3 கிடைத்தால் இடைவெளி 7 ஆகும். இவ்வளவையும் ஒரே தாளில் காட்டுபவர் நான்கு இடங்களில் கேட்டாலும் அதில் தவறில்லை. நான்கு இடத்திலும் முழு 19ஐயே காட்டுபவர், நேர்மையானவராக இருந்தாலும், ஒரு நாள் அவர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது சங்கடத்தில் மாட்டுவார். காப்புறுதி 'தரும்' என்பதற்கும் 'ஒப்புக்கொண்டது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே பார்க்க வேண்டும். முன்பே இருந்த நோய், ஒரு சம்பவத்துக்கான வரம்பு, அறை வகைக்கான வரம்பு ஆகிய மூன்றும் கடைசி நேரத்தில் அந்த 5ஐக் குறைக்கக்கூடியவை.

வைத்தியசாலைச் சிட்டைக்கு வெளியேயும் செலவு இருக்கிறது. திருகோணமலையிலிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். உடன் இருப்பவர் தங்க வேண்டும். மார்பெலும்பு பொருந்த ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்பதால் பாரம் தூக்கும் தொழிலாளிக்கு அதற்கும் கூடுதலாகவே சம்பள இழப்பு. இதை 19இல் கலக்காமல் தனித் தலைப்பில் கேட்டால், நிறுவனம் ஒன்று சம்பளத்துடன் விடுமுறை என்ற வடிவில் இதை மட்டும் ஏற்கலாம்.

சரிபார்ப்பதும் செலுத்துவதும்

தனியார் வைத்தியசாலைகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியவை. ஆகவே வைத்தியசாலை இருக்கிறதா என்று பார்ப்பது கடினமன்று. கடினமானது, இந்தக் கடிதத்தை அவர்கள்தான் கொடுத்தார்களா என்பது. கடிதத்தில் அச்சிட்ட தொலைபேசி எண்ணுக்கே எடுத்தால் பொய்க் கடிதம் தயாரித்தவரே பதில் சொல்லக்கூடும். வைத்தியசாலையின் பொது எண்ணை வேறு வழியில் எடுத்து, கடிதத்தின் தொடர் எண்ணையும் திகதியையும் சொல்லிக் கேட்க வேண்டும். நோயாளியின் விபரத்தை வெளியாருக்குச் சொல்ல அவர்கள் தயங்குவார்கள். அது நியாயமே. அதனால் 'இன்னாருக்கு இக்கடிதத்தை உறுதிப்படுத்தலாம்' என்று நோயாளி கையொப்பமிட்ட இசைவுத் தாள் முதலிலேயே வைத்தியசாலையிடம் இருக்க வேண்டும். பிழையான கடிதத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னங்களும் உண்டு: கூட்டினால் வராத மொத்தம், நிபுணரின் பெயரின் கீழ் மருத்துவச் சபைப் பதிவு எண் இல்லாமை, தனிநபர் வங்கிக் கணக்கு.

பணம் வைத்தியசாலையின் கணக்குக்கு, நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நேரே போக வேண்டும். நிறுவனமாக இருந்தால் பணத்துக்குப் பதில் உத்தரவாதக் கடிதம் கொடுத்து, சிட்டை வந்த பின் கட்டலாம். எந்த வழியாயினும் ஒரு கேள்விக்குக் கடிதத்தில் பதில் இருக்க வேண்டும்: 16 இலட்சத்தில் முடிந்தால் மீதி 3 யாருக்குத் திரும்பும்? இதை எழுதாத இடத்தில்தான் பின்னர் மனக்கசப்பு வருகிறது.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் மதிப்பீடு ஒப்பந்தமாகாது. அமெரிக்காவில் 2022 ஜனவரி முதல் காப்புறுதியில்லாத நோயாளிக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இறுதிச் சிட்டை அதைவிட 400 டொலரோ அதற்கு மேலோ கூடினால் நோயாளி முறையிடலாம். அந்தச் சட்டமும் கூடுதலைத் தடை செய்யவில்லை. எவ்வளவு கூடினால் காரணம் கேட்கலாம் என்ற எல்லையை மட்டும் வகுக்கிறது. அதுபோன்ற எல்லையை இங்கே கடிதத்திலேயே கேட்டு வாங்கலாம். நமது மாதிரிக்கு அது இப்படி அமையும்:

'மேற்கண்ட தொகை 3 நாள் அதிதீவிர சிகிச்சையும் 5 நாள் வாட்டுத் தங்கலும் கொண்டது. 60 நாட்களுக்குச் செல்லுபடியாகும். செலவு 10 வீதத்துக்கு மேல் கூடும் என்று தெரிந்தால், அன்றே காரணத்தோடு குடும்பத்துக்கும் பணம் செலுத்துபவருக்கும் எழுத்தில் அறிவிக்கப்படும். மீதித் தொகை செலுத்தியவருக்கே திருப்பித் தரப்படும்.'

நோயாளி வீடு திரும்பிய பின் இறுதிச் சிட்டையை இந்தக் கடிதத்தின் வரிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாட்கள் கூடியதால் தொகை கூடியதா, நாள் கட்டணமே கூடியதா, பொதிக்கு வெளியே இருந்த ஏதாவது உள்ளே வந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும். அந்த ஒப்பீட்டுத் தாளைப் பணம் தந்தவர்களுக்கு அனுப்பி, பிரதியொன்றை நலன்புரிக் கோப்பில் வைத்தால், அதே சிகிச்சைக்காக அடுத்து வரும் ஊழியரின் 19 இலட்சத்தை எதனோடு ஒப்பிடுவது என்று அந்த முகாமையாளர் திணற வேண்டியிராது.